ஸ்கூல் வேன் வாங்கி விட்டா மாசம் எவ்வளவு நிக்கும்? ஒரு கம்பம் பள்ளத்தாக்குக் கணக்கு



சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு நண்பர் போன வாரம் போன் பண்ணினார். சொந்த ஊர் கோம்பை. "அண்ணே, ஊர்ல பழைய மேக்ஸி கேப் ஒண்ணு அஞ்சரை லட்சத்துக்கு வருது. டிரைவர் போட்டு, கோம்பை, பண்ணைப்புரம் பிள்ளைகளை உத்தமபாளையம் ஸ்கூலுக்கு ஓட்டலாம்னு இருக்கேன். ஒரு நடைக்கு 22 பிள்ளை, ரெண்டு நடை. ஒரு பிள்ளைக்கு 1,200 ரூபாய். மாசம் 52,800 வருது. வாங்கலாமா?"

வண்டியில எத்தனை சீட்டுன்னு கேட்டேன். "டிரைவர் தவிர 12."

இந்தக் கணக்கைத்தான் இன்னைக்கு முழுசா போட்டுப் பார்க்கப் போறோம். உங்களுக்கு வேன் வாங்குற யோசனை இல்லாம இருக்கலாம். ஆனா உங்க அக்கா பிள்ளையோ அண்ணன் பிள்ளையோ இப்படி ஒரு வேன்லதான் போயிட்டு இருக்கும். அதனால கடைசி வரை படிங்க.

முதல்ல வரவு

ஸ்கூல் வேன்ல பலரும் செய்ற முதல் தப்பு, மாச வரவை 12 ஆல் பெருக்குறது. பெரும்பாலான பெற்றோர் மே மாசத்துக்குப் பணம் தர மாட்டாங்க. ஏப்ரல் பாதிதான் தேறும். ஒண்ணு ரெண்டு பேர் பாக்கி வைப்பாங்க. அதனால வருஷத்துக்கு 10 மாச வரவுன்னு வெச்சுக்குவோம்.

அடுத்து செலவு

கீழே இருக்கிற எண்கள் நண்பர் சொன்னதையும் அந்தப் பக்கத்து நடப்பையும் வெச்சு நான் எடுத்துக்கிட்ட அனுமானம். உங்க ரூட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

ஒரு நடைக்குக் காலியா 9 கி.மீ. போகணும், பிள்ளைகளை ஏத்திக்கிட்டு 9 கி.மீ. வரணும். காலையில ரெண்டு நடை, சாயங்காலம் ரெண்டு நடைன்னா நாளைக்கு 72 கி.மீ. 210 பள்ளி நாளுக்கு 15,120 கி.மீ. ஊருக்குள்ள நிறுத்தி நிறுத்தி ஓட்டுறதால லிட்டருக்கு 11 கி.மீ. கிடைச்சா நல்ல வண்டி. டீசல் லிட்டர் 93 ரூபாய்னு எடுத்தா, வருஷத்துக்கு:

- டீசல்: சுமார் 1,28,000
- டிரைவர் சம்பளம் (மாசம் 9,000, 10 மாசம்): 90,000
- பிள்ளைகளை ஏத்தி இறக்கும் ஆயா (மாசம் 4,000): 40,000
- இன்ஷூரன்ஸ்: 30,000
- எஃப்.சி., பர்மிட், ரோடு டாக்ஸ்: 18,000
- டயர், சர்வீஸ், ரிப்பேர்: 35,000

மொத்தம் 3,41,000. இதுக்கு மேல கடன். 5.5 லட்சத்துல 4 லட்சம் கடன், 13% வட்டி, 4 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 10,730 ரூபாய். வருஷத்துக்கு 1,28,760. இதுல அசலும் இருக்கேன்னு நீங்க கேட்கலாம். இருக்கு. ஆனா அதே நாலு வருஷத்துல வண்டியோட விலையும் இறங்கிட்டே வரும். அதனால அதை முழுச் செலவாவே பார்க்கிறது பாதுகாப்பு.

ஆக, வருஷத்துக்கு 4,69,760 ரூபாய் வெளியே போகுது. இப்போ மூணு விதமா வரவைப் போட்டுப் பார்ப்போம்.

நண்பர் சொன்ன மாதிரி நடைக்கு 22 பிள்ளை ஏத்தினா, வரவு 5,28,000. மிச்சம் 58,240. மாசத்துக்கு 5,000 ரூபாய்கூட இல்லை.

சீட்டுக்கு ஒருத்தர்னு 12 பிள்ளை ஏத்தினா, வரவு 2,88,000. இ.எம்.ஐ.க்கு முன்னாடியே 53,000 நஷ்டம். இ.எம்.ஐ. சேர்த்தா 1,81,760 கையை விட்டுப் போகும்.

12 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு சீட் எண்ணிக்கையில ஒன்றரை மடங்குன்னு ஒரு கணக்கு பல இடத்துல சொல்லப்படுது. அதையே தாராளமா எடுத்து 18 பிள்ளை ஏத்தினாலும் வரவு 4,32,000தான். அப்பவும் 37,760 பள்ளம்.

நண்பரோட லாபம் எங்கிருந்து வருதுன்னு இப்போ தெரியுதா? 12 சீட்டுக்கு மேல நிக்குற, மடியில உக்கார்ற, டிரைவர் பக்கத்துல நெருக்கி உக்கார்ற பிள்ளைங்ககிட்ட இருந்துதான் வருது. அந்தப் பிள்ளைங்களை இறக்கிட்டா தொழிலே இல்லை.

அந்தக் கூடுதல் பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது

பயணிகள் வண்டிக்கு தேர்டு பார்ட்டி பிரீமியம் எப்படிப் போடுறாங்கன்னு பாலிசியை எடுத்துப் பாருங்க. ஒரு அடிப்படைத் தொகை, அதோட ஒவ்வொரு பயணிக்கும் இவ்வளவுன்னு இருக்கும். ஆர்.சி.யில இருக்கிற சீட் எண்ணிக்கைக்குத்தான் நீங்க காசு கட்டியிருக்கீங்க.

கூடுதலா ஏத்தி விபத்து நடந்தா என்ன ஆகும்? இதுக்கு 2007ல் உச்ச நீதிமன்றம் அஞ்சனா ஷ்யாம் வழக்கில் பதில் சொல்லிடுச்சு. 42 பேருக்கு அனுமதி இருந்த பஸ்ல சுமார் 90 பேரை ஏத்தியிருந்தாங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனியோட பொறுப்பு, பாலிசியில இருக்கிற எண்ணிக்கை வரைக்கும்தான்னு நீதிமன்றம் சொன்னது. பெரிய இழப்பீட்டுத் தொகைகளா அந்த எண்ணிக்கைக்கு எடுத்துக் கூட்டி, அந்தப் பணத்தை எல்லாருக்கும் விகிதப்படி பிரிக்கணும். மீதியை வண்டி ஓனர்கிட்டதான் வாங்கிக்கணும்.

நம்ம கணக்குல இதைப் பொருத்திப் பாருங்க. 22 பிள்ளைகளும் காயப்பட்டா, கம்பெனி 12 பேருக்கான பணத்தைத் தரும். அது 22 பேருக்குப் பங்கு போகும். மீதி உங்க சேமிப்பு, உங்க வீடு, உங்க சொத்துல இருந்து. ஓட்டினது டிரைவர்தானேன்னு தப்பிக்க முடியாது. டிரைவர் வேலை நேரத்துல செஞ்ச தப்புக்கு ஓனரும் பொறுப்பு. வருஷத்துக்கு 58,000 லாபத்துக்காக இந்த ரிஸ்க்.

வெள்ளை போர்டு வண்டின்னா நிலைமை இன்னும் மோசம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஆம்னியில காசு வாங்கிப் பிள்ளைகளை ஏத்தினா பர்மிட் இல்லாம ஓட்டுறதா அர்த்தம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 192ஏ படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை சிறையும் உண்டு. பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துட்டு, அதை ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோங்கன்னு நீதிமன்றம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லலாம். ஓவர்லோடுக்கு பிரிவு 194ஏ இருக்கு. ஒரு கூடுதல் பயணிக்கு 200 ரூபாய். இந்த 200 ரூபாயைப் பார்த்துட்டுத்தான் பலரும் "பிடிச்சா கட்டிக்கலாம்"னு நினைக்கிறாங்க. நிஜமான அபராதம் அது இல்லை.

அப்போ 2012 விதிகள்?

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் முடிச்சூரில், ஓடுற ஸ்கூல் பஸ்ஸோட தரையில இருந்த ஓட்டை வழியா ஆறு வயசுப் பிள்ளை கீழே விழுந்து இறந்தது. சமீபத்துலதான் எஃப்.சி. காட்டின வண்டி அது. சென்னை உயர் நீதிமன்றம் தானாவே வழக்கா எடுத்துச்சு. அதே வருஷம் தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டு வந்தது. மஞ்சள் கலர், அவசர வழி, ஜன்னல் கம்பி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், உதவியாளர் எல்லாம் அதுல வந்ததுதான். வருஷா வருஷம் ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி மைதானத்துல வரிசையா நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கிறதும் இந்த வண்டிகளைத்தான்.

ஆனா தெருவுல நாலு பெற்றோர் சேர்ந்து பேசி வெச்ச வேனும் ஆட்டோவும் அந்த வரிசைக்கு வர்றது இல்லை. அங்கே சோதிக்க வேண்டிய ஆள் நீங்கதான். நான் சொல்ற வழி இது:

1. mParivahan ஆப்ல வண்டி நம்பரைப் போடுங்க. எஃப்.சி., இன்ஷூரன்ஸ் தேதி, சீட் எண்ணிக்கை, வண்டி வகை எல்லாம் தெரியும். எட்டு வருஷம் தாண்டின வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. வேணும்.
2. முதல் ஸ்டாப்பில் எண்ணாதீங்க. ஸ்கூல் வாசல்ல போய் நின்னு, எத்தனை பேர் இறங்குறாங்கன்னு எண்ணுங்க. உங்க பிள்ளை ஏறும்போது காலியா இருக்கிற வண்டி கடைசி ஸ்டாப்புல எப்படி இருக்குங்கிறதுதான் கேள்வி.
3. ஆட்டோன்னா வலது பக்கம் மூடியிருக்கா, டிரைவர் சீட்ல பிள்ளை உக்காருதான்னு பாருங்க. கேஸ்ல ஓடுற வேன்னா அது ஆர்.சி.யில ஏறியிருக்கான்னு பாருங்க. வீட்டு சிலிண்டரை மாட்டி ஓட்டினா அன்னைக்கே நிறுத்திடுங்க.
4. சாயங்காலம் இறங்கின பிள்ளையை யார் ரோடு தாண்டி விடுறாங்க? வண்டிக்கு முன்னாலயோ பின்னாலயோ நிக்குற சின்னப் பிள்ளை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. ஆயா இருக்க வேண்டிய காரணமே இதுதான்.

எவ்வளவு கேட்டா நியாயம்?

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்க. நடைக்கு 12 பிள்ளை, ரெண்டு நடை, 10 மாசம். 4,69,760 ரூபாயை 240ஆல் வகுத்தா, ஒரு பிள்ளைக்கு மாசம் 1,957 ரூபாய். இதுல ஓனருக்கு லாபம் ஒரு ரூபாய் கிடையாது. நாம 1,200 கொடுத்துட்டு, "ஏன் இத்தனை பேரை ஏத்துறீங்க"ன்னு டிரைவர்கிட்ட சண்டை போடுறோம். அந்த 757 ரூபாயைத்தான் அவர் இன்னொரு பிள்ளையை ஏத்தி எடுத்துக்கிறார்.

அப்போ ஊர்ல யாருக்குமே இந்தத் தொழில் கட்டுப்படி ஆகலையா? ஆகுது, தானே ஓட்டுறவருக்கு. 90,000 டிரைவர் சம்பளம் அவர் கையில நிக்கும். பர்மிட் இருக்கிற மேக்ஸி கேப்னா பகல்லயும் லீவு நாள்லயும் கல்யாணம், வீரபாண்டித் திருவிழா, குச்சனூர், குமுளி வழியா சபரிமலைன்னு சவாரி கிடைக்கும். அவருக்கு ஸ்கூல் நடைங்கிறது டீசலுக்கும் இ.எம்.ஐ.க்கும் கை கொடுக்கிற நிலையான வரவு. சென்னையில உக்கார்ந்து ஓட்டுறவருக்கு அந்த ரெண்டுமே கிடையாது.

வரி பத்தி ரெண்டு வரி

"44ஏஇல வண்டிக்கு மாசம் இவ்வளவுன்னு காட்டிக்கலாமே"ன்னு கேட்பாங்க. அது சரக்கு வண்டிக்கு மட்டும். பயணிகள் வண்டிக்கு 44ஏடி. அதுல வரவுல 8% (வங்கி, யு.பி.ஐ. வழியா வந்ததுக்கு 6%) லாபமா காட்டணும், நிஜத்துல நஷ்டமா இருந்தாலும். சம்பளத்தோட இது சேர்ந்தா ஐ.டி.ஆர்-1 போட முடியாது. இன்னொண்ணு, தொழில் வருமானம் வந்துட்டா பழைய வரி முறை, புதிய வரி முறைன்னு வருஷா வருஷம் மாத்திக்கிற வசதியும் போயிடும். பெற்றோருக்கும் ஒரு குறிப்பு: 80சியில டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் வரும், வேன் ஃபீஸ் வராது.

நண்பர் என்ன முடிவு எடுத்தார்னு கேட்கிறீங்களா? வண்டி வாங்கலை. ஆனா அன்னைக்கு ராத்திரியே திரும்பக் கூப்பிட்டார். "அண்ணே, என் அக்கா பையன் போற வேன் நம்பரை ஆப்ல போட்டேன். 7 சீட். நாளைக்குக் காலையில மாமாவை ஸ்கூல் வாசல்ல நின்னு எண்ணச் சொல்லியிருக்கேன்" என்றார்.

இந்தக் கணக்கோட எக்ஸெல் ஷீட்டை வீடியோவுக்குக் கீழே கொடுத்திருக்கேன். உங்க ஊர் ஃபீஸ், தூரம், டீசல் விலையைப் போட்டுப் பாருங்க. உங்க ரூட்டில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வருதுன்னு கமெண்டில் சொல்லுங்க.