தேடல் முடிவுகளை வரிசைப்படுத்துவது எப்படி?

போன எபிசோட்ல பிஎம்25 பத்திப் பேசினோம். தேடின சொல் ஒரு கட்டுரைல எவ்வளவு அழுத்தமா வருது, அந்தச் சொல் எவ்வளவு அரிதானதுன்னு பார்த்து அது மதிப்பெண் போடும். ஆனா அதை மட்டும் வச்சு வரிசைப்படுத்தினா போதாது.

ஒரு செய்தித் தளத்துல ஒருத்தர் “சென்னை மழை”ன்னு தேடுறார்னு வச்சுக்குங்க. மூணு கட்டுரை வருது. முதலாவது, 2015 வெள்ளத்தைப் பற்றிய நீண்ட கட்டுரை: பிஎம்25 மதிப்பெண் 12, பார்வைகள் 9 லட்சம். ரெண்டாவது, இன்னைக்குப் பள்ளி விடுமுறைங்கிற அறிவிப்பு: மதிப்பெண் 8, பார்வைகள் 500, வயசு ரெண்டு மணி நேரம். மூணாவது சினிமா செய்தி. மழையால படப்பிடிப்பு நின்னதுன்னு ஒரு வரி இருக்கு, அவ்வளவுதான்: மதிப்பெண் 1.5, பார்வைகள் 50,000, வெளியாகி ஒரு மணி நேரம்.

பார்வைகளை அப்படியே கூட்டினா 9 லட்சத்துக்கு முன்னாடி 12-க்கும் 8-க்கும் அர்த்தமே இல்லை. அதனால லாகரிதம் எடுக்கிறோம்: 9 லட்சம் சுமார் 5.95 ஆகுது, 500 சுமார் 2.7 ஆகுது. புதுமைக்கு, ஒரு நாளுக்கு ஒரு தடவை பாதியாகுற எண். அப்புறம் இப்படிச் சேர்க்கிறோம்:

```
fresh = 0.5 ^ age_days
score = bm25 * (1 + 0.1*log10(1 + views)) * (1 + fresh)
```

விடுமுறை அறிவிப்பு 19.7, வெள்ளக் கட்டுரை 19.1, சினிமா செய்தி 4.3. நாளைக்கு இதே நேரம், பார்வைகள் மாறலைன்னா, அறிவிப்பு 15-க்கு இறங்கிடும். வெள்ளக் கட்டுரை மேலே வந்துடும். பழைய விடுமுறை யாருக்கு வேணும்?

ஏன் கூட்டாம பெருக்குறோம்? பிஎம்25-க்கு நிலையான உச்சவரம்பு கிடையாது. ஒரு தேடலுக்கு அதிகபட்சம் 12 வரும், அரிதான சொல் இருந்தா 25 கூட வரும். புதுமைக்கு 15 மதிப்பெண்னு கூட்டினா இந்தத் தேடல்லயே சினிமா செய்தி வெள்ளக் கட்டுரையைத் தாண்டிடும். பெருக்கும்போது, சொல் சரியாப் பொருந்தாததைப் புதுமையால பெருசாத் தூக்க முடியாது.

அந்த `1 +` சும்மா இல்லை. எலாஸ்டிக்சர்ச்சுல `function_score` வழக்கமா பெருக்கத்தான் செய்யும். தேய்வு மதிப்பை நேரடியா பெருக்கவிட்டா, 2015 கட்டுரை கிட்டத்தட்ட பூஜ்யமாகி எந்தத் தேடல்லயும் மேலே வராது. பழைய கட்டுரைகள் காணாமப் போச்சுன்னு புகார் வந்தா நான் முதல்ல பார்க்கிற இடம் இதுதான்.

ஒரு சிக்கலை இந்தச் சூத்திரம் தீர்க்காது. மேலே இருக்கிறதுக்குத்தான் கிளிக் விழும், அதனால அது இன்னும் மேலே நிக்கும். மாசக்கணக்குல முதல் மூணு இடம் அசையலைன்னா சந்தேகப்படுங்க. மொத்தப் பார்வைகளுக்குப் பதிலா கடைசி ஏழு நாள் பார்வைகளை எடுத்தா இது ஓரளவு தளரும். முழுசாப் போகாது.