இரட்டிப்பான லட்டு ஆர்டர்

தீபாவளிக்கு முன்பு சீனி விலை ஏறினால் இனிப்புக்கடைக்காரரின் லாபம் என்ன ஆகும்? ராஜபாளையம் போன்ற ஒரு மில் ஊரில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியைக் கற்பனை செய்து, அவர் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் விலைகளும் கற்பனைதான். கணக்கு போகும் வழி மட்டும் நிஜக் கடைகளில் உள்ளது.

பக்கத்து நூல் மில்லில் 400 தொழிலாளர்கள். ஆளுக்கு அரைக் கிலோ பூந்தி லட்டு, மொத்தம் 200 கிலோ, கிலோ 200 ரூபாய் என்று பேசி அட்வான்ஸும் வாங்கியாயிற்று. அண்ணாச்சி அன்றைக்கே இரண்டு மூட்டை சீனி இறக்கிவிட்டார். ஐம்பது கிலோ மூட்டை, கிலோ 44 ரூபாய்.

லட்டின் எடையில் ஏறக்குறைய பாதி சீனிதான். 200 கிலோ லட்டுக்கு 100 கிலோ சீனியும் 60 கிலோ கடலை மாவும் போகும். மிச்ச எடை பூந்தி குடிக்கும் எண்ணெய், வாசத்துக்குக் கொஞ்சம் நெய், முந்திரி, கிஸ்மிஸ், பாகில் தங்கும் ஈரம். சாமான் செலவு 20,400 ரூபாய். கேஸ், அட்டைப்பெட்டி, வண்டி வாடகைக்கு 5,800. சரக்கு மாஸ்டருக்கும் மூன்று கையாட்களுக்கும் இரண்டு நாள் கூலி 7,800. ஆக 34,000 செலவு, 40,000 வரவு, 6,000 லாபம். கிலோவுக்கு 30 ரூபாய்.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மில் மேனேஜர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, முதலாளி ஆளுக்கு ஒரு கிலோவாவே கொடுக்கச் சொல்லிட்டாரு. நானூறு கிலோ போட்டுருங்க. ஆர்டர் பெருசாயிருச்சுல்ல, கிலோவுக்கு அஞ்சு ரூபா குறைச்சுக்கோங்க."

அண்ணாச்சி மகிழ்ந்துபோய்ச் சரி என்றார். லாபம் 12,000, ஐந்து ரூபாய் குறைத்தாலும் பத்தாயிரம் நிற்கும் என்பது அவர் மனக்கணக்கு. இன்னும் இரண்டு மூட்டைக்கு மண்டிக்குப் போனால் சீனி கிலோ 50 ரூபாய் என்றார்கள்.

இந்த ஏற்றம் பண்டிகைக் காலத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை ஆலைகளின் ஆண்டு அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. புதுக் கரும்பு அரைத்து வர நவம்பர் ஆகிவிடும். அதனால் தீபாவளிக்கான சீனியில் பெரும்பகுதி போன பருவத்தின் இருப்பு. அதிலும் எந்த ஆலை எந்த மாதம் எவ்வளவு விற்கலாம் என்பதை மத்திய அரசு மாதாமாதம் ஒதுக்குகிறது. புதுப் பயிர் காயும் என்ற செய்தி வந்தாலே வியாபாரிகள் இருப்பைக் கைவிடத் தயங்குவார்கள். 2023-இல் அப்படித்தான் நடந்தது. அந்த ஆகஸ்ட், 1901 முதலான பதிவுகளில் இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட். மகாராஷ்டிரம், கர்நாடகம் என்று கரும்பு அதிகம் விளையும் மாநிலங்களில் மழை பொய்த்தது, பண்டிகைக்கு முன்பே விலை ஏறியது. அந்த அக்டோபரில் அரசு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை நீட்டித்தது.

அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. சீனி லாபத்தைத் தின்றுவிடும் என்று வீட்டில் புலம்பினார். கடைக் கணக்கு எழுதுவது அவர் மனைவி. அவர் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"புதுசா வாங்குறது ரெண்டு மூட்டை. கிலோவுக்கு ஆறு ரூபா கூட. அறுநூறு ரூபாதான ஆச்சு? அதுக்கா இப்படி உட்காந்திருக்கீங்க?"

உண்மை. ஒரு கிலோ லட்டில் அரைக் கிலோ சீனி என்பதால், சீனி ஆறு ரூபாய் ஏறினால் லட்டுக்கு மூன்று ரூபாய்தான் ஏறும். சீனி ஏறிவிட்டது என்று சொல்லி லட்டுக்கு இருபது ரூபாய் கூட்டும் கடையைப் பார்த்தால், மிச்சப் பதினேழு ரூபாய் எதற்கு என்று நாம் கேட்கலாம். நெய் மைசூர்பாகின் கதை வேறு. அதில் கிலோவுக்கு 400 கிராம் நெய் போகிறது என்றால், நெய் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறும்போது இனிப்பு 20 ரூபாய் ஏறத்தான் செய்யும்.

ஆனால் லாபத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்று ரூபாய் சின்னதில்லை. விற்கும் விலையில் அது ஒன்றரைச் சதவீதம். கிலோவுக்கு நிற்கும் முப்பது ரூபாயில் பத்தில் ஒரு பங்கு. விலையை முன்கூட்டியே பேசி முடித்தவருக்கு ஏறும் ஒவ்வொரு ரூபாயும் அந்த முப்பதிலிருந்துதான் போகும்.

சீனியைக் குறைத்துப் போட்டுச் சமாளிக்கலாமா என்று அண்ணாச்சி கேட்டார். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பூந்தியைப் பிடித்து வைப்பதே கம்பிப் பதப் பாகுதான். அது குறைந்தால் லட்டு உருண்டை நிற்காமல் உதிரும், சீக்கிரம் கெடும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. 50 ரூபாய்க்கு ஏறிய பிறகும் லட்டில் போடும் சாமான்களில் சீனிதான் மலிவு. கடலை மாவு கிலோ 100, எண்ணெய் 140. சீனியைக் குறைத்து அந்த எடையை வேறெதில் நிரப்பினாலும் செலவு கூடும்.

மனைவி அடுத்து கூலிக்கு வந்தார். அங்கேதான் அடி விழுந்தது. லட்டை முன்னாடியே பிடித்து அடுக்க முடியாது, நாள் கடந்தால் பூசணம் பிடிக்கும். சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் விதி. ஆகவே கூடுதல் 200 கிலோவும் அதே கடைசி இரண்டு நாளில்தான் ஆக வேண்டும். அடுப்பும் அதுதான், மாஸ்டரும் அவர்தான். ராத்திரி வேலை என்றால் ஒன்றரைப் பங்கு கூலி: 11,700.

இப்போது மொத்தத்தைக் கூட்டினார்கள். 400 கிலோ, கிலோ 195, வரவு 78,000. செலவு 71,500. ஒரே வண்டியில் எல்லாம் போவதால் மிச்சமான ஆயிரத்தைக் கழித்த பிறகு வரும் தொகை இது. நிற்கும் லாபம் 6,500.

அதாவது கூடுதல் 200 கிலோவுக்கு, இரண்டு ராத்திரி கண்விழித்து, கிடைப்பது 500 ரூபாய். மனக்கணக்குக்கும் இதற்கும் இடையே காணாமல் போனதில் சீனியின் பங்கு 600. ராத்திரிக் கூலியின் கூடுதல் 3,900. தள்ளுபடி 2,000. அந்தத் தள்ளுபடியில் பாதி, ஏற்கெனவே 200 ரூபாய்க்குப் பேசி முடித்த லட்டிலிருந்து போனது. பெரிய ஆர்டர் வரும்போது கூடுதல் பங்கைத் தனியே எடுத்துக் கணக்குப் பார்க்காவிட்டால் இந்த ஓட்டை கண்ணில் படாது. கூடுதல் 200 கிலோவுக்கு ஆகும் செலவு கிலோவுக்கு 187 ரூபாய் 50 காசு. பழைய லட்டில் விட்ட ஐந்து ரூபாயையும் சேர்த்துக் கழித்தால் அதற்குக் கைக்கு வருவது 190தான்.

மறுநாள் காலை அண்ணாச்சி மில்லுக்கே போனார்.

"சார், ஒரு கிலோவும் லட்டுன்னா யாரு சாப்பிடுவா? அரைக் கிலோ லட்டு, அரைக் கிலோ மிக்சர்னு வைங்க. மிக்சர்ல அஞ்சு ரூபா குறைச்சுக்கிறேன். லட்டுல கை வைக்காதீங்க, சீனி ஏறிருச்சு."

ஏறிய சீனியை அவர் வாங்கவே போவதில்லை. ஆனாலும் மேனேஜருக்குப் புரியும் காரணம் அதுதான். மிக்சரில் ஈரம் இல்லை, காற்றுப் புகாமல் கட்டினால் வாரக்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கும். முந்தின வாரமே பகல் கூலியில் போட்டு முடித்துவிடலாம். மிக்சருக்குக் கிலோவுக்கு 174 ரூபாய் அடக்கம், 195-க்குக் கொடுத்தால் 200 கிலோவில் 4,200 நிற்கும். லட்டின் 6,000-த்தோடு 10,200.

மேனேஜர் முதலாளியிடம் கேட்டுவிட்டு மத்தியானம் போன் செய்தார். மிக்சரில் நிலக்கடலை கொஞ்சம் கூடப் போடச் சொன்னார்.