கண்ணுக்கு எட்டாத படப்புள்ளிகள்

திறன்பேசிக் கடையில் விலைச்சீட்டுக்கு அருகே திரையைப் பற்றிய எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். எண் கூடினால் படமும் தெளிவாக இருக்கும் என்று வாங்குபவர் எண்ணுவது இயல்பு. ஓர் எல்லை வரை அது உண்மைதான். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு கூடுதல் எண்ணிக்கையைக் கண் உணர்வதில்லை. ஆனால், மின்கலம் உணர்கிறது.

திரையில் தோன்றும் படம் ‘பிக்சல்’ எனப்படும் நுண்ணிய படப்புள்ளிகளால் ஆனது. அகலத்தில் எத்தனை புள்ளிகள், உயரத்தில் எத்தனை புள்ளிகள் என்பதே திரையின் தெளிவுத்திறன். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் அடங்கியுள்ளன என்பது புள்ளி அடர்த்தி. 1080 × 1920 புள்ளிகள் 5.5 அங்குலத் திறன்பேசியில் இருந்தால் அடர்த்தி ஏறத்தாழ 400. அதே அளவு புள்ளிகள் 40 அங்குலத் தொலைக்காட்சியில் பரவினால் அடர்த்தி 55 மட்டுமே. எனினும், தொலைக்காட்சியை நாம் தள்ளி அமர்ந்து பார்ப்பதால் அதன் படமும் தெளிவாகவே தெரிகிறது. ஆகவே, அடர்த்தியோடு பார்க்கும் தொலைவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஒரு பாகையை அறுபது பங்காகப் பிரித்தால் கிடைக்கும் சிறு கோணமே இயல்பான பார்வையின் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. இரண்டு புள்ளிகள் அதைவிடச் சிறிய கோணத்தில் நெருங்கி இருந்தால், கண்ணுக்கு அவை ஒன்றாகவே தெரியும். திறன்பேசியை 30 செண்டிமீட்டர் தொலைவில் பிடித்தால், அந்தக் கோணம் திரையில் சுமார் 0.09 மில்லிமீட்டராக அமையும். ஓர் அங்குலத்தில் அத்தகைய புள்ளிகள் ஏறத்தாழ 290 அடங்கும். 2010ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ‘ஐபோன் 4’ஐ 326 அடர்த்தியுடன் வெளியிட்டபோது, ஸ்டீவ் ஜாப்ஸ் முன்வைத்த வாதமும் இதை ஒட்டியதே. கூரிய பார்வை உடையவர்கள் இதைவிடச் சற்று நுண்ணியதையும் காண்பார்கள். எனவே, 400 வரை செல்வதில் பொருள் உண்டு.

2015ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் வெளியிட்ட ‘எக்ஸ்பீரியா இசட்5 பிரீமியம்’ இந்த எல்லையை வெகுவாகத் தாண்டியது. அதன் 5.5 அங்குலத் திரையில் 2160 × 3840 புள்ளிகள் இருந்தன; அடர்த்தி சுமார் 800. முப்பது செண்டிமீட்டர் தொலைவில், கண் ஒரே புள்ளியாகக் காணும் இடத்தில் ஏழெட்டுப் படப்புள்ளிகள் ஒளிந்திருந்தன. அவற்றைப் பிரித்துக் காண, திரையை 11 செண்டிமீட்டர் தொலைவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி யார் படிப்பார்?

மின்கலத்தின் கணக்கு வேறு. திரையில் காட்சி நகரும்போது, வரைகலைச் செயலி ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் வினாடிக்கு 60 முறை கணக்கிட வேண்டியிருக்கும். 1080 × 1920 திரைக்கு அது வினாடிக்கு 124 மில்லியன் புள்ளிகள். 2160 × 3840 திரைக்கோ நான்கு மடங்கு, அதாவது 498 மில்லியன். சோனி பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அந்தத் திறன்பேசி பெரும்பாலான வேளைகளில் குறைந்த தெளிவுத்திறனிலேயே இயங்கியது. படங்களுக்கும் காணொளிகளுக்கும் மட்டுமே முழு அளவு பயன்பட்டது. 2017இல் வந்த சாம்சுங் ‘கேலக்ஸி எஸ்8’இன் திரை 1440 × 2960 புள்ளிகளைக் கொண்டது. ஆனால், பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது 1080 × 2220 என்னும் அமைப்பில்தான் இருந்தது.

அமைப்பை மாற்றினால் எல்லா மின்சக்தியும் மிச்சமாகிவிடாது. செயலியின் வேலைதான் குறைகிறது. திரையில் உள்ள புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. பின்புறம் விளக்கு கொண்ட திரவப் படிகத் திரைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் மின் விசைகளும் கம்பிகளும் உண்டு. புள்ளிகள் நெருங்க நெருங்க, இவை ஒளியை அதிகமாக மறைக்கின்றன. அதே வெளிச்சம் கிடைக்க விளக்கு கூடுதலாக எரிய வேண்டும். தவிர, அசையாத பக்கத்தைப் படிக்கும்போது செயலிக்கு அதிக வேலை இல்லை. ஆதலால் மிச்சமும் சிறிதுதான். விளையாட்டுகளில்தான் வேறுபாடு பெரிதாகும்.

தெளிவுத்திறனை மாற்றும் வசதியுள்ள திறன்பேசி கையில் இருந்தால், இதைச் சோதித்துப் பார்க்கலாம். சிறிய எழுத்தில் ‘ண’, ‘ஞ’, புள்ளி வைத்த மெய்யெழுத்துகள் உள்ள பக்கம் ஒன்றைத் திறக்க வேண்டும். நண்பர் ஒருவர் அமைப்பைச் சில முறை மாற்றி, எது எதுவென்று சொல்லாமல் காட்ட வேண்டும். வழக்கமான தொலைவில் பார்ப்பவரின் விடைகள் பாதிக்குப் பாதி தவறாக அமைந்தால், அவர் வெறுமனே ஊகிக்கிறார் என்று பொருள்.

அதே 800 அடர்த்தி போதாமல் போகும் இடமும் உண்டு. மெய்நிகர்க் காட்சிக் கண்ணாடியில் திரை கண்ணுக்கு மிக அருகில் இருக்கும். வில்லை அதை மேலும் பெரிதாக்கிக் காட்டும். அங்கே தனித்தனிப் புள்ளிகளும் அவற்றுக்கு இடைப்பட்ட கருங்கோடுகளும் வலைபோல் தெரியலாம்.