அண்ணா சாலை மெட்ரோ நிலையங்கள் ஏன் தாமதமாகின? திட்டம் முடிந்தபின் எழுதும் அறிக்கை எதைச் சொல்ல வேண்டும்?

சென்னை மெட்ரோவின் முதல் ரயில் கோயம்பேடு - ஆலந்தூர் மேம்பாலப் பாதையில் 2015 ஜூன் 29 அன்று ஓடியது. ஆனால் அண்ணா சாலைக்கு அடியில் உள்ள எல்ஐசி, ஆயிரம் விளக்கு நிலையங்களில் ரயில் ஏற மக்கள் 2019 பிப்ரவரி 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் இவ்வளவு இடைவெளி?

என்ன நடந்தது?

அண்ணா சாலைப் பகுதியின் சுரங்கம், நிலையக் கட்டுமானப் பணிகள் காமன் இந்தியா - மாஸ்மெட்ரோஸ்ட்ராய் கூட்டு நிறுவனத்திடம் இருந்தன. 2015-இல் அந்த ஒப்பந்தம் ரத்தானது. மிச்ச வேலைக்கு மறுபடியும் டெண்டர் விட வேண்டியதாயிற்று.

புது ஆள் வந்ததும் மறுநாளே தோண்ட முடியாதா? முடியாது. பக்கச்சுவர் எந்த ஆழம் வரை இறங்கியிருக்கிறது, எந்த கான்கிரீட்டுக்குச் சோதனை முடிவு இருக்கிறது என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். அதுவரை குழியில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுவர் சாய்கிறதா என்றும் கண்காணிக்க வேண்டும். வேலை நின்றாலும் செலவு நிற்காது.

தாமதத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். சாலைக்கு அடியில் உள்ள குடிநீர்க் குழாயை மாற்ற 4 மாதம் தாமதம். அதே காலத்தில், சுவர் தோண்டும் இயந்திரம் வந்து சேர 3 மாதம் தாமதம். மொத்தம் 7 மாதமா? இல்லை. குழாயை மாற்றாமல் அந்த இயந்திரம் வந்தாலும் சும்மாதான் நிற்கும். ஆகவே நிலையம் தள்ளிப்போனது 4 மாதம்தான். அறிக்கை இரண்டையும் கூட்டினால் கணக்கு தப்பு. குழாயை மட்டும் எழுதி இயந்திரத்தை விட்டுவிட்டாலும் சிக்கல்தான்: அடுத்த திட்டத்தில் குழாயைச் சீக்கிரம் மாற்றிவிட்டு, இயந்திரத்துக்காக 3 மாதம் காத்திருப்பார்கள்.

நல்ல பாடம் எப்படி இருக்கும்?

"ஒப்பந்ததாரர் மெதுவாக வேலை செய்தார்" என்று எழுதினால் அது வெறும் புகார். அதை வைத்து அடுத்த பொறியாளர் என்ன செய்வார்?

"முடிந்த வேலையை மாதாமாதம் இரு தரப்பும் சேர்ந்து அளந்து கையெழுத்திட வேண்டும்; வரைபடங்களும் சோதனை முடிவுகளும் அன்றன்றே மெட்ரோ நிறுவனத்திடம் வர வேண்டும்" என்று எழுதினால் அது பாடம். ஏனெனில் அதை அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு விதியாகவே சேர்த்துவிடலாம். நாளை ஒருவர் பாதியில் விலகினாலும், அடுத்தவர் முதலிலிருந்து அளக்கத் தேவையில்லை.

இப்படிப்பட்ட அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஒரு கேள்வியைக் குறித்து வையுங்கள்: இதை யார், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும்? பதில் இல்லையென்றால், அந்த வரியால் அடுத்த நிலையத்துக்கு ஒரு நாள்கூட மிச்சமாகாது.