டிட் வந்த பிறகு வென்ட் எதற்கு?

“டிட் யூ வென்ட் டு த பேங்க்?” என்று கேட்பவருக்குக் காலம் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. நேற்றைய விஷயம் என்பதால் ‘டிட்’ போட்டார். அதே காரணத்துக்காகவே ‘கோ’வை ‘வென்ட்’ ஆக்கினார். அவர் காலத்தைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஆங்கிலம் அதை ஓரிடத்தில்தான் காட்டவிடும், அந்த இடத்தை ‘டிட்’ பிடித்துக்கொண்டுவிட்டது.

தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம் பேச்சுப் பழக்கம்தான் கண்ணில் படுகிறது. ‘போனாய்’ என்பதைக் கேள்வியாக்க ‘போனாயா’ என்கிறோம். வினைச்சொல் இறந்தகாலத்திலேயே நிற்க, கடைசியில் ஓர் ‘ஆ’ மட்டும் சேர்கிறது. அதே கையோடு ‘வென்ட்’டை அசைக்காமல் முன்னால் ‘டிட் யூ’வைச் சேர்த்துவிடுகிறோம்.

இல்லை என்று சொல்லும்போது தமிழ் அப்படிச் செய்வதில்லை. ‘போனேன்’ என்பதற்கு எதிர்மறை ‘போகவில்லை’. ‘போனவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. காலம் காட்டும் பகுதி கழன்று, வினை ‘போக’ என்றாகிவிடுகிறது. ‘ஐ டிட் நாட் கோ’ என்பதிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். ஆகவே ‘டிட் நாட் வென்ட்’ என்று வாய் போகும்போது, ‘போனவில்லை’ காதுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும். மாணவர்களுக்கு விதியை மனப்பாடம் செய்யக் கொடுப்பதைவிட இந்த ஒப்பீடு நன்றாகப் பிடிபடும் என்பது என் எண்ணம்.

‘ஷி வென்ட் டு மதுரை’ என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். ‘வென்ட்’ என்பதற்குள் ‘டிட்’டும் ‘கோ’வும் சேர்ந்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்க ‘டிட்’டை வெளியே எடுத்து முன்னால் வைத்தால் உள்ளே மிஞ்சுவது ‘கோ’ மட்டுமே: ‘டிட் ஷி கோ டு மதுரை?’ மறுக்க வேண்டுமானால் எடுத்த ‘டிட்’டை எழுவாய்க்குப் பின்னால் வைத்து ‘நாட்’ சேர்க்க வேண்டும்: ‘ஷி டிட் நாட் கோ.’ எப்போது என்று கேட்டால் ‘வென் டிட் ஷி கோ?’ பதில் சொல்லும்போது இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடும்: ‘ஷி வென்ட் எஸ்டர்டே.’

நிகழ்காலத்திலும் இதே கணக்குதான். ‘ஹி ஒர்க்ஸ்’ என்பதைப் பிரித்தால் ‘டஸ்’ஸும் ‘ஒர்க்’கும் கிடைக்கும். வினையின் கடைசியில் இருந்த ‘ஸ்’ ஒலி ‘டஸ்’ஸுக்குப் போய்விடுவதால் ‘டஸ் ஹி ஒர்க்?’ என்றே கேட்க வேண்டும். ‘ஹி டஸ் நாட் ஹேஸ்’ தவறு, ‘ஹேவ்’ என்பதே சரி. ஐ, யூ, வீ, தே என்று தொடங்குபவற்றுக்கு ‘டூ’. அங்கே வினை மாறாமலேயே இருப்பதால் தவறுக்கும் இடம் குறைவு.

‘வென்ட்’, ‘கேம்’ போன்றவற்றில் தவறு காதில் உடனே உறுத்தும். ‘ரிசீவ்ட்’, ‘ஃபினிஷ்ட்’ போன்றவற்றில் கடைசி ஒலி மெல்லியது என்பதால் பேச்சில் நழுவிவிடும், எழுத்தில்தான் மாட்டிக்கொள்ளும். ‘ஐ டிட் நாட் ரிசீவ்ட் யுவர் மெயில்’ என்று அலுவலகக் கடிதங்களில் வருவது இப்படித்தான். அனுப்பும் முன் கடிதத்தில் ‘டிட்’ இருக்கும் இடங்களை மட்டும் தேடி, அதற்குரிய வினை அகராதியில் தலைச்சொல்லாக இருக்கும் வடிவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ‘புட்’, ‘கட்’ போன்றவை இறந்தகாலத்திலும் மாறாதவை என்பதால் அவற்றை விட்டுவிடலாம்.

‘டிட்’டே தேவைப்படாத கேள்விகளும் உண்டு. ‘யார் வந்தது?’ என்று வந்தவரையே கேட்டால் ‘ஹூ கேம்?’ என்பதுதான் சரி. கேள்விச்சொல்லே எழுவாயாக இருப்பதால் வினை தன் காலத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. ‘வாஸ்’, ‘வேர்’, ‘கேன்’ ஆகியவை தாமே முன்னால் நகரக்கூடியவை: ‘வேர் யூ அட் ஹோம்?’

விதியைக் கற்ற சுறுசுறுப்பில் எல்லா வினையையும் திருத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘நேற்று வந்தவரைப் பார்த்தாயா?’ என்பதை ‘டிட் யூ சீ த மேன் ஹூ கேம் எஸ்டர்டே?’ என்றே கேட்க வேண்டும். ‘டிட்’டின் கணக்கு ‘சீ’யோடு முடிந்துவிட்டது. ‘கேம்’ வேறொரு துணை வாக்கியத்தின் வினை, அதன் காலத்தை அதுதான் காட்டியாக வேண்டும். அதேபோல ‘அவள் எங்கே போனாள் தெரியுமா?’ என்பது ‘டூ யூ நோ வேர் ஷி வென்ட்?’ ஆகும். அங்கே கேள்வி தெரியுமா என்பதில்தான் இருக்கிறது. போனது வெறும் செய்தி, ஆகவே ‘வென்ட்’ பிரியாமல் நிற்கிறது.