வாய்க்கு வராத எண்கள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், வானொலிச் செய்திப் பிரிவுக்கு இப்படி ஓர் அணைக் குறிப்பு வருவதாக வைத்துக்கொள்வோம்: "மேட்டூர், 3/7, காலை 8 மணி. நீர்மட்டம் 97.51 அடி, நீர் இருப்பு 61.6 டி.எம்.சி., நீர்வரத்து 14,273 கனஅடி."

பத்திரிகையில் இதை அப்படியே அச்சிடலாம். புரியாதவர் திரும்ப ஒருமுறை பார்த்துக்கொள்வார். வானொலி கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. "தொண்ணூற்றேழு புள்ளி ஐந்து ஒன்று அடி" என்பதை அவர் மனதில் வாங்குவதற்குள் அடுத்த எண் வந்துவிடும்.

கைதேர்ந்த செய்தி எழுத்தாளர் முதலில் புள்ளியைத்தான் எடுப்பார். கால், அரை, முக்கால் என்று சொல்லிப் பழகிய மொழி இது. 97.51 அடி, "தொண்ணூற்றேழரை அடி" ஆகிவிடும். 14,273 கனஅடி, "வினாடிக்குப் பதினாலாயிரம் கனஅடிக்கு மேல்" என்றாகும். குறிப்பில் இல்லாத 'வினாடிக்கு' இங்கே அவசியம். அது இல்லாவிட்டால், நாள் முழுக்க வந்த தண்ணீரே அவ்வளவுதான் என்று ஒருவர் நினைக்கக்கூடும்.

டி.எம்.சி. கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. அதை விளக்கப் போனால் செய்தி பாடமாகிவிடும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதால், "அணையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் இருக்கிறது" என்றாலே டெல்டா விவசாயிக்குப் போதும்.

3/7 என்பது ஜூலை மூன்றா, மார்ச் ஏழா? வாசிப்பவர் ஒலிவாங்கி முன்னால் யோசிக்கக் கூடாது. "ஜூலை மூன்றாம் தேதி" என்று எழுத்திலேயே இருக்க வேண்டும்.

பணத்தில் வேறொரு சங்கடம். அச்சில் 'ரூ.' முன்னால் வருகிறது. பேச்சில் ரூபாய் பின்னால் வருகிறது. "ரூ.1,25,000-ஐ" என்று கண்டதும் வாசிப்பவர் எண்ணைச் சொல்லி, ரூபாயைச் சேர்த்து, வேற்றுமை உருபையும் ஒட்ட வேண்டும். தடுமாறுவது பெரும்பாலும் அந்த 'ஐ'யில்தான். "ஒன்றேகால் லட்சம் ரூபாயை" என்று எழுதிக் கொடுத்தால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுச் செய்தியில் வரும் 25 மில்லியனும் இரண்டரைக் கோடியாக மாறிய பிறகே நம் காதில் ஏறும்.

காதை ஏமாற்றும் எண்களும் உண்டு. தொள்ளாயிரமும் தொண்ணூறாயிரமும் இரைச்சலான பேருந்தில் ஒன்றுபோலக் கேட்கும். மதிப்போ நூறு மடங்கு வேறு. அதனால் "தொண்ணூறாயிரம் ரூபாய், அதாவது லட்சத்துக்குப் பத்தாயிரம் குறைவு" என்று ஒரு தாங்கல் வைப்பது நல்லது.

எல்லாவற்றையும் இப்படி முழுமையாக்கிவிட முடியாது. 137 வாக்கு வித்தியாசத்தில் ஒருவர் வென்றால், "நூற்று முப்பத்தேழு" என்றே சொல்ல வேண்டும். அங்கே எண்தான் செய்தி. தொலைபேசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, இடைவெளி விட்டு, இரண்டு முறை எழுதுவார்கள். ஆம்புலன்ஸ் மட்டும் விலக்கு: 108-ஐ "ஒன்று, பூஜ்ஜியம், எட்டு" என்று வாசித்தால்தான் கேட்பவர் குழம்புவார். ஊரே அதை நூற்றியெட்டு என்றுதான் கூப்பிடுகிறது.