பணம் கட்டிவிட்டால் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகாது

சின்ன ஊர்களில் ஆன்லைனில் பொருள் வாங்குகிறவர்களில் பலர் சிஓடியைத்தான் கேட்கிறார்கள். பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் ஏமாற மாட்டோம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் கைக்கு வருவது ஒட்டி மூடிய பெட்டி. பெரும்பாலும் காசை வாங்கிக்கொண்ட பிறகுதான் அதைப் பிரிக்க விடுகிறார்கள். கொண்டுவந்தவர் கூரியர் ஊழியர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது.

மோசடிக்காரர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான். அம்மாவின் பெயரில் 799 ரூபாய்க்கு ஒரு பார்சல் வருகிறது. மகள்தான் ஏதோ ஆர்டர் போட்டிருப்பாள் என்று நினைத்து அம்மா பணம் கொடுத்து வாங்கி வைக்கிறார். மாலையில் பிரித்தால் உள்ளே கிழிந்த துணி. மகள் எதுவுமே ஆர்டர் போடவில்லை.

ஆர்டர் போடாத பொருளுக்குப் பணம் கொடுக்க யாருக்கும் கடமை இல்லை. "வேண்டாம்" என்ற ஒரு சொல் போதும். "ரத்து செய்யணும், ஓடிபி சொல்லுங்க" என்று கேட்டால் சொல்லக் கூடாது. பல நேரங்களில் அந்த எண்தான் பார்சலைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலாகிவிடுகிறது.

பணம் கொடுத்துவிட்டாலும் உடனே கை விட்டுவிட வேண்டாம். வசூலான பணத்தைக் கூரியர் நிறுவனம் வழக்கமாகச் சில நாள் கழித்துத்தான் அனுப்பியவருக்குத் தருகிறது. அதற்குள் பார்சல் எண், பணம் கொடுத்த தேதி, தொகை, உள்ளே இருந்த பொருளின் படம் ஆகியவற்றோடு கூரியர் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அந்தத் தொகையை நிறுத்தி வைக்கக் கேளுங்கள். நிச்சயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் முதல் நாளே கேட்பவருக்கு வாய்ப்பு அதிகம். மேலே ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள், ஆதாரம் அதில்தான் இருக்கிறது. சைபர் குற்ற உதவி எண் 1930-லும் புகார் பதியலாம். பணத்தைத் திருப்பித் தருவதாக யாராவது அழைத்து யுபிஐ பின் கேட்டால், அது அடுத்த மோசடி. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

நாமே ஆர்டர் போட்டு, வேறு பொருளோ உடைந்த பொருளோ வந்தால் நிலைமை இன்னும் தெளிவானது. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, முன்பு பார்க்காத பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது. பணம் கட்டியதும் கையெழுத்துப் போட்டதும் மட்டுமே ஏற்பு ஆகாது. ஆனால் நாள்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஆகவே பிரித்த அன்றே வாட்ஸ்அப்பிலாவது எழுதிவிடுங்கள்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் இதையே உறுதி செய்கின்றன. குறைபாடுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னதுபோல் இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. "நோ ரிட்டர்ன்" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் இதுதான் நிலை. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதன் பிறகு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

விற்பவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சேலை 900 ரூபாய், லாபம் 150 என்று வைப்போம். அனுப்ப 80, திரும்பி வர 80, பேக்கிங்குக்கு 20. வாங்குபவர் வாசலில் "வேண்டாம்" என்றால் 180 ரூபாய் போய்விடுகிறது. அடுத்த சேலையை விற்றுக் கிடைக்கும் லாபத்திலும் இந்த இழப்பு அடங்காது. மடிப்புக் கலைந்த சேலை வாரக்கணக்கில் கூரியர் கிடங்குகளில் கிடந்து திரும்புகிறது.

முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் புதியவர் தயங்குவார், அது நியாயமும்கூட. முன்பின் தெரியாதவரின் தனிப்பட்ட எண்ணுக்கு முழுப் பணத்தையும் ஜிபே செய்வதை நானும் பரிந்துரைக்க மாட்டேன். எனக்குச் சரியாகப் படும் வழி, கூரியர் செலவுக்கான 100 ரூபாயை மட்டும் முன்னதாக வாங்கிக்கொண்டு மீதியை வாசலில் வாங்குவது. மனம் மாறி மறுத்தால் அந்த 100 திரும்பாது என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுதிச் சொல்ல வேண்டும். பொருளில் குறை என்றால் அதையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை போன் செய்து, வீட்டில் யார் இருப்பார்கள், பணம் யாரிடம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டாலே வீணாகத் திரும்பும் பார்சல்களில் ஒரு பகுதி குறையும்.

வாங்குபவர்களே, மனம் மாறினால் பார்சல் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரிடம், "நான் போன்ல சொல்லாத பார்சலுக்குக் காசு கொடுத்துடாதீங்கம்மா" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.